பிளஸ் டூ மார்க் ஜெர்மனியில் என்னவாகும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலேயே உங்கள் செல்போனுக்கு விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். "ஜெர்மனியில் கட்டணமில்லாத இன்ஜினியரிங் படிப்பு, பிளஸ் டூ மட்டும் போதும், நேரடி அட்மிஷன்" என்று இருக்கும். இதில் முதல் பாதி பெரும்பாலும் உண்மை. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்கு ஒரு சிறு பங்களிப்புத் தொகை மட்டும் கட்டினால் போதும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது.

இரண்டாவது பாதியில்தான் சிக்கல். "பிளஸ் டூ மட்டும் போதும்" என்பது உண்மை இல்லைங்க. நீங்கள் 600-க்கு 595 எடுத்திருந்தாலும், அந்த மதிப்பெண் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் முதல் செமஸ்டரில் சேர முடியாது. இது உங்கள் மதிப்பெண் குறைவு என்பதால் அல்ல. இந்தியாவின் பன்னிரண்டாம் வகுப்பை, அவர்களுடைய பள்ளி இறுதித் தேர்வான அபிட்டூருக்கு முழுச் சமமாக அந்த நாடு ஏற்பதில்லை, அவ்வளவுதான். மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ என்ற வித்தியாசமும் இதில் இல்லை.

ஆகவே உங்கள் முன்னால் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் கதவு எனக்குத் திறக்குமா என்பது ஒன்று. திறந்த கதவுக்கு முன்னால் கூட்டம் நின்றால், என் மார்க்குக்கு வரிசையில் எந்த இடம் என்பது இன்னொன்று. நுழைவுத் தேர்வுகள் பெரும்பாலும் முதல் கேள்விக்கானவை. மதிப்பெண் மாற்றம் இரண்டாவது கேள்விக்கானது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தேவையில்லாத தேர்வுக்குப் பணம் கட்டுகிறார்கள், தேவையான தேர்வைத் தவறவிடுகிறார்கள்.

கதவு எப்படித் திறக்கிறது?

ஒரு மாணவியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் பிரிவில் படித்தவர். தமிழில் 92, ஆங்கிலத்தில் 84, இயற்பியலில் 85, வேதியியலில் 88, கணிதத்தில் 90, கணினி அறிவியலில் 83. மொத்தம் 522, அதாவது 87 சதவீதம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க ஆசை. இவருக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ஜேஇஇ அட்வான்ஸ்டு. பன்னிரண்டாம் வகுப்போடு இந்தத் தேர்வில் தகுதியும் பெற்றிருந்தால் கணிதம், அறிவியல், பொறியியல் சார்ந்த படிப்புகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஐஐடி-யில் இடம் கிடைத்திருக்க வேண்டியதில்லை. தகுதிப் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். இங்கே கவனிக்க வேண்டியது, ஜேஇஇ மெயின் தேர்வு இந்தக் கதவைத் திறக்காது. மெயினில் 95 பெர்சென்டைல் எடுத்துவிட்டு அதைக் கொண்டு விண்ணப்பித்து, நிராகரிப்புக் கடிதம் வாங்கியவர்கள் உண்டு. மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் நடக்கிறது. மெயினில் முதல் இரண்டரை லட்சம் பேருக்குள் வந்தவர்கள்தான் அதை எழுதவே முடியும். பத்தாம் வகுப்பிலிருந்தே இதற்குத் தயாரானவர்களுக்கு இது நல்ல வழி. ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்பதற்காக மட்டும் புதிதாக ஜேஇஇ கோச்சிங்கில் சேருவது வீண் செலவு என்பது என் கருத்து.

இரண்டாவது வழி, ஷ்டூடியன்கொலெக். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழ் உள்ளவர்களை அங்கத்திய பட்டப்படிப்புக்குத் தயார்படுத்தும் ஓராண்டு ஆயத்த வகுப்பு அது. இரண்டு செமஸ்டர் படித்து, முடிவில் தகுதித் தேர்வு ஒன்று எழுத வேண்டும். அதில் தேறினால் பல்கலைக்கழகத்தின் கதவு திறக்கும். ஜேஇஇ அட்வான்ஸ்டு இல்லாத பிளஸ் டூ மாணவர்களுக்கு, பள்ளி முடித்தவுடன் போவதற்கான இயல்பான வழி இதுதான்.

மூன்றாவது வழியை ஏஜென்டுகள் பெரும்பாலும் சொல்வதில்லை. இங்கேயே அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் பி.இ. சேர்ந்து, முதல் ஆண்டை வெற்றிகரமாக முடித்துவிட்டு, அதே துறைக்கு ஜெர்மனியில் முதல் செமஸ்டருக்கு நேரடியாக விண்ணப்பிப்பது. "வெற்றிகரமாக" என்றால் அரியர் இல்லாமல். ஒரு வருஷம் போய்விடுகிறதே என்று தோன்றும். ஆனால் ஷ்டூடியன்கொலெக்கிலும் ஒரு வருஷம்தான் போகிறது, அதுவும் ஜெர்மனியில் தங்கும் செலவோடு. இங்கே அந்த ஒரு வருஷத்தில் மாலை நேரத்தில் ஜெர்மன் மொழியும் படித்துக்கொள்ளலாம். அங்கே இடம் கிடைக்காவிட்டால் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குப் போய் உட்காரலாம், சீட் கையை விட்டுப் போகாது. நம் உதாரண மாணவிக்குக் கட்-ஆஃப் 200-க்கு 176.5 வருகிறது. கவுன்சிலிங்கில் ஒரு சீட் கிடைக்கும் நிலையில் இருப்பவர் இந்த வழியை முதலில் யோசிப்பது நல்லது.

இந்த விதிகளை ஏஜென்டின் பேச்சை நம்பாமல் நீங்களே செல்போனில் பார்க்க முடியும். ஜெர்மன் மாநிலக் கல்வி அமைச்சர்கள் மன்றம் நடத்தும் தரவுத்தளத்தின் முகவரி anabin.kmk.org. அதில் Schulabschlüsse mit Hochschulzugang என்ற பகுதிக்குப் போய், நாடு என்ற இடத்தில் Indien என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கம் ஜெர்மன் மொழியில்தான் இருக்கும். பிரவுசரின் மொழிபெயர்ப்பு வசதியைப் பயன்படுத்தினால் ஓரளவு புரியும். பல்கலைக்கழகங்கள் உங்கள் சான்றிதழைப் பார்க்கும்போது திறப்பதும் இதே பக்கத்தைத்தான். மூன்றாவது வழியில் போகிறவர்கள், தாங்கள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எதிரே H+ என்ற குறியீடு இருக்கிறதா என்பதையும் இங்கே பார்த்துவிட வேண்டும்.

87 சதவீதம் எப்படி 1.6 ஆகிறது?

ஜெர்மனியில் மதிப்பெண் தலைகீழ். 1.0 என்றால் மிகச் சிறப்பு. 4.0 என்றால் தப்பித்தவறிப் பாஸ். "பொண்ணுக்கு 1.6 தான் போட்டிருக்காங்க" என்று வீட்டில் கவலைப்பட்டால், அது மிக நல்ல மதிப்பெண் என்று சொல்லிப் புரியவையுங்கள்.

மாற்றுவதற்கு அங்கே பெரும்பாலும் பயன்படுவது திருத்தப்பட்ட பவேரிய வாய்பாடு. அது இதுதான்:

```
x = 1 + 3 × (Nmax − Nd) / (Nmax − Nmin)
```

Nmax என்பது உங்கள் தேர்வில் எடுக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பெண். Nmin என்பது பாஸ் மார்க். Nd என்பது நீங்கள் எடுத்தது. வாய்பாட்டின் தத்துவம் எளிது. முழு மதிப்பெண்ணுக்கும் பாஸ் மார்க்குக்கும் இடையிலுள்ள தூரத்தில், மேலே இருந்து எவ்வளவு கீழே இறங்கி நிற்கிறீர்கள் என்று அளக்கிறது. அந்தத் தூரத்தை 1-க்கும் 4-க்கும் இடையில் பொருத்திவிடுகிறது.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பாஸ் மார்க் 35. நம் மாணவியின் 87 சதவீதத்தைப் போட்டுப் பார்ப்போம்.

```
x = 1 + 3 × (100 − 87) / (100 − 35)
  = 1 + 39 / 65
  = 1.6
```

சதவீதமாக மாற்றாமல் மொத்த மதிப்பெண்ணையே போட்டாலும் இதே விடைதான் வரும். அதிகபட்சம் 600, குறைந்தபட்சம் 210, எடுத்தது 522 என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், அதே 1.6 வரும்.

இங்கே ஒரு சின்ன இடம் பெரிய வித்தியாசம் செய்கிறது. இணையத்தில் கிடைக்கும் கணக்கிடும் பக்கங்கள் சிலவற்றில், பாஸ் மார்க் என்ற கட்டத்தில் ஏற்கெனவே 40 அல்லது 50 என்று போட்டிருக்கும். அது கல்லூரிப் படிப்புக்கானது. அதைக் கவனிக்காமல் 50 என்றே விட்டுவிட்டால் இதே 87 சதவீதத்துக்கு 1.78 காட்டும். நீங்கள் 1.6-க்காரர், உங்களை 1.78-க்காரர் என்று நினைத்துக்கொண்டு நல்ல படிப்புகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவீர்கள். சிபிஎஸ்இ-யில் பாஸ் மார்க் 33 என்பதால் 87 சதவீதத்துக்கு 1.58 வரும். மாநிலப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை, அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம்.

நம் ஊர்ப் பழக்கத்தால் வரும் இன்னொரு தவறும் உண்டு. கவுன்சிலிங் நினைப்பில் இருக்கும் நமக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் கட்-ஆஃப்தான் எல்லாம். தமிழையும் ஆங்கிலத்தையும் கடைசி வாரத்தில் புரட்டினால் போதும் என்று விட்டுவிடுகிறோம். ஜெர்மனிக்குக் கட்-ஆஃப் என்று ஒன்று கிடையாது. பொதுவாக அவர்கள் எடுப்பது சான்றிதழில் இருக்கும் மொத்த மதிப்பெண்ணை. அதில் தமிழும் ஆங்கிலமும் மூன்றில் ஒரு பங்கு. நம் மாணவியை விடக் கணிதத்தில் பத்து மார்க் கூடுதலாக எடுத்துவிட்டு, இரண்டு மொழிப் பாடங்களிலும் 60, 60 என்று நிற்பவர், கட்-ஆஃபில் அவரைத் தாண்டிவிடுவார். ஆனால் அவருடைய மொத்தம் 476. ஜெர்மன் மதிப்பெண் 1.95. இந்தக் கட்டுரையைப் பதினோராம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருக்கும்போது படிப்பவர்களுக்கு இது இன்னும் மாற்றக்கூடிய விஷயம்.

சரி, இந்த 1.6 எங்கே பயன்படும்? எல்லா இடத்திலும் அல்ல. படிப்புகளைத் தேடும்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் zulassungsfrei அல்லது zulassungsbeschränkt என்று எழுதியிருக்கும். முதலாவது, இடக் கட்டுப்பாடு இல்லாத படிப்பு. தகுதி இருந்து, மொழிச் சான்றும் இருந்து, கெடு தேதிக்குள் விண்ணப்பித்திருந்தால் இடம் உண்டு. அங்கே 1.6-உம் ஒன்றுதான், 2.8-உம் ஒன்றுதான். இரண்டாவது வகையில்தான் வரிசை. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் போன்ற பல படிப்புகள் பல ஊர்களில் முதல் வகையிலேயே இருக்கின்றன. 70 சதவீதம் எடுத்தவரின் மதிப்பெண் சுமார் 2.4. "எனக்கு மார்க் கம்மி, கிடைக்காது" என்று அவர் ஒதுங்க வேண்டியதில்லை. முதல் வகைப் படிப்புகளில் தேடினால் போதும்.

நீங்கள் போட்ட கணக்கு உங்கள் மதிப்பீடு மட்டும்தான். விண்ணப்பப் படிவத்தில் மதிப்பெண்ணை மாற்றி எழுதாதீர்கள், சான்றிதழில் இருப்பதையே எழுதுங்கள். அதிகாரபூர்வமாக மாற்றித் தருவது பல்கலைக்கழகமோ, பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்போதான். சில பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்டிடமிருந்து VPD என்ற முன்சரிபார்ப்பு ஆவணத்தை வாங்கிவரச் சொல்லும். உங்கள் சான்றிதழால் எந்தக் கதவு திறக்கும், ஜெர்மன் மதிப்பெண் எவ்வளவு என்பது அதில் இருக்கும். யூனி-அசிஸ்ட் கட்டணம் ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. இதற்கு மேல் "மார்க் கன்வெர்ஷன் சான்றிதழ்" என்று ஏஜென்ட் தனியாகப் பணம் கேட்டால், அப்படி ஒரு சான்றிதழ் இந்த விண்ணப்பத்துக்குத் தேவையே இல்லை.

எந்தத் தேர்வு எழுதுவது?

நம் மாணவி ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதவில்லை, ஒரு வருஷம் இங்கே படிக்கவும் விரும்பவில்லை, ஷ்டூடியன்கொலெக் போவதாக முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுத வேண்டிய உண்மையான நுழைவுத் தேர்வு அந்த ஷ்டூடியன்கொலெக் நடத்தும் தேர்வுதான். அதில் ஜெர்மன் மொழி முக்கியம். தொழில்நுட்பப் பிரிவுக்குக் கணிதமும் உண்டு.

மொழித் தேர்வு பெரும்பாலும் ஒரு விசித்திரமான வடிவத்தில் இருக்கும். ஒரு பத்தி கொடுப்பார்கள். அதில் ஒன்று விட்டு ஒரு சொல்லின் பின்பாதி அழிக்கப்பட்டிருக்கும். நீங்கள் நிரப்ப வேண்டும். சொல் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த இடத்தில் அது எந்த விகுதியோடு வரும் என்பதும் தெரிய வேண்டும். மனப்பாடம் செய்து பி1 சான்றிதழ் வாங்கியவர்கள் தடுமாறும் இடம் இது. பி1 நிலை என்பது விண்ணப்பிக்க அடிப்படை. பல இடங்களில் பி2 கேட்கிறார்கள். கேட்காத இடத்திலும் பி2 அளவு படித்தவர்களே எளிதாகத் தேறுகிறார்கள். கணிதம் நம் பிளஸ் டூ மாணவர்களுக்குச் சிரமமான பாடம் அல்ல. ஆனால் கேள்வி ஜெர்மனில் இருக்கும், பல இடங்களில் கால்குலேட்டர் கிடையாது. பின்னம், அடுக்கு, மடக்கை, சமன்பாடு என்று கையால் போட்டுப் பழக வேண்டும்.

பெரும்பாலான அரசு ஷ்டூடியன்கொலெக்குகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது உங்களைத் தேர்வுக்கு அனுப்பும். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று கேட்பார்கள். பொறியியல், கணிதம், அறிவியலுக்கு T. மருத்துவம், உயிரியல், மருந்தியலுக்கு M. பொருளாதாரம், வணிகம், சமூக அறிவியலுக்கு W. இதில் அவசரப்பட்டு டிக் அடிக்காதீர்கள். T பிரிவில் தேறிவிட்டு, பிறகு வணிக நிர்வாகம் படிக்கப் போகிறேன் என்றால் அந்தக் கதவு திறக்காது.

ஆயத்த வகுப்பில் வாரத்துக்குச் சுமார் 30 மணி நேரம் பாடம் இருக்கும். முடிவில் எழுதும் தகுதித் தேர்வை ஒருமுறை மட்டும் திரும்ப எழுதலாம். பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் பொதுவாக எடுத்துக்கொள்வது, உங்கள் பிளஸ் டூ-வின் ஜெர்மன் மதிப்பெண்ணும் இந்தத் தேர்வின் மதிப்பெண்ணும் சேர்ந்த சராசரி. நம் மாணவி அங்கே 2.4 எடுத்தால், 1.6-உம் 2.4-உம் சேர்ந்து 2.0. பிளஸ் டூ மார்க் இங்கேயும் பாதி பலம் தருகிறது பாருங்கள்.

டெஸ்ட்ஆஸ் என்ற இன்னொரு தேர்வின் பெயரும் காதில் விழும். வெளிநாட்டு மாணவர்களுக்கான திறனறித் தேர்வு அது, ஜெர்மனிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். அதில் பாஸ், ஃபெயில் கிடையாது. அதை மட்டும் வைத்துப் பல்கலைக்கழகத்தில் நுழையவும் முடியாது. இடக் கட்டுப்பாடு உள்ள படிப்புகளில், அதைக் கணக்கில் எடுக்கும் பல்கலைக்கழகங்களில், வரிசையில் உங்களைச் சில இடங்கள் முன்னால் நகர்த்த உதவும். நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் அந்தப் பெயர் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். நீட் மதிப்பெண்ணோ சாட் மதிப்பெண்ணோ இங்கே ஜேஇஇ அட்வான்ஸ்டுக்கு மாற்று ஆகாது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகளுக்கு மட்டும் தேவை. முதுகலையில் அப்படிப் பல உண்டு, இளங்கலையில் குறைவு. இளங்கலைப் பாடம் பெரும்பாலும் ஜெர்மனில்தான். அதற்குப் பொதுவாக சி1 அளவு மொழி வேண்டும். ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியவர்களும் தடுக்கி விழும் இடம் இதுதான். கதவு திறந்திருக்கும், மொழிச் சான்று இருக்காது.

தனியார் நிறுவனங்கள் நடத்தும் ஆயத்த வகுப்புகளும் உண்டு. எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டணம் அதிகம். அவற்றில் சேரும் பலர் இறுதித் தகுதித் தேர்வை வேறு இடத்தில் வெளியாளாகப் போய் எழுத வேண்டியிருக்கும். பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள்: "இறுதித் தகுதித் தேர்வை எங்கே, யார் நடத்துவார்கள், அந்தச் சான்று ஜெர்மனியின் எல்லா மாநிலங்களிலும் செல்லுமா?" எழுத்தில் நேரான பதில் வராவிட்டால் அங்கே பணம் கட்ட வேண்டாம்.

காலண்டரும் காகிதங்களும்

ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கும். பொதுவான கெடு ஜூலை 15. கோடைப் பருவம் ஏப்ரலில், கெடு ஜனவரி 15. ஷ்டூடியன்கொலெக் சேர்க்கைக்குச் சில இடங்களில் இதற்கும் முன்பே முடிந்துவிடும். நம் ரிசல்ட் மே மாதம் வருகிறது. கணக்குப் பார்த்தால் இரண்டு மாதம் இருப்பது போலத் தெரியும். ஆனால் இடையில் ஏபிஎஸ் இருக்கிறது.

ஏபிஎஸ் என்பது இந்திய மாணவர்களின் கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று தில்லியில் ஜெர்மன் தரப்பு சரிபார்க்கும் மையம். 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்கு அதன் சான்று கட்டாயம். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே கேட்கின்றன. கட்டணம் 18,000 ரூபாய். aps-india.de தளத்தில் பதிவு செய்ய வேண்டும். சான்று கைக்கு வரப் பல வாரங்கள் ஆகும். ரிசல்ட் வந்த பிறகு ஏபிஎஸ், அது வந்த பிறகு யூனி-அசிஸ்ட் என்று போனால் ஜூலை 15 தாண்டிவிடும். பன்னிரண்டாம் வகுப்பிலேயே பி1 முடித்து, ரிசல்ட் வந்த வாரமே ஏபிஎஸ்-க்கு அனுப்பியவர்களுக்குத்தான் அதே அக்டோபர் சாத்தியம். மற்றவர்கள் ஜனவரி 15 கெடுவைக் குறிவைத்து, இடைப்பட்ட மாதங்களில் மொழி படிப்பதே நல்லது. பிளஸ் டூ முடித்த கையோடு பூஜ்யத்திலிருந்து ஜெர்மன் தொடங்குபவரிடம் "இந்த அக்டோபரிலேயே அனுப்புகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வது அரசுப் பல்கலைக்கழகத்தை அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பெயர். மதிப்பெண் சான்றிதழில் பெயரோடு தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்தத் தலைப்பெழுத்து விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் வந்திருக்கும். விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், ஓர் இடத்தில் ஒன்று இன்னோர் இடத்தில் வேறு என்று மாற்றாதீர்கள். தலைப்பெழுத்து விரிந்திருப்பதை விளக்கிவிடலாம். எழுத்துப் பிழையும் பிறந்த தேதி வித்தியாசமும்தான் உண்மையான தொல்லை. மதிப்பெண் சான்றிதழில் பிழை என்றால், படித்த பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்துத் திருத்த வேண்டும். இதற்கு நாளாகும். ஆகவே ஏபிஎஸ்-க்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பிழை இல்லாவிட்டால் தற்காலிகச் சான்றிதழை dge.tn.gov.in தளத்தில் எடுத்துக்கொண்டு பதிவை ஆரம்பித்துவிடலாம். அசல் வந்ததும் அதைப் பள்ளியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே சேரும்போது அசலைக் காட்டச் சொல்வார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கல்விக் கட்டணம் இல்லை என்றாலும், விசாவுக்கு முன்பே முதல் ஆண்டு வாழ்க்கைச் செலவை முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் போட்டுக் காட்ட வேண்டும். இப்போதைய தொகை 11,904 யூரோ. நம் பணத்தில் 12 லட்சத்தை ஒட்டி வரும். அது கட்டணம் அல்ல, உங்கள் பணம்தான். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். ஷ்டூடியன்கொலெக் வழியில் போனால், பட்டம் வாங்க மூன்று ஆண்டோடு இந்த ஓராண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கடன் வாங்குபவர்கள் வங்கியில் பேசும்போது ஆயத்த ஆண்டுக்கும் கடன் உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும். சில கிளைகளில் பட்டப்படிப்பின் சேர்க்கைக் கடிதம் இருந்தால்தான் பேசவே ஆரம்பிப்பார்கள். ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உரியது, இளங்கலைக்குக் கிடையாது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

தகுதி இல்லை என்று யூனி-அசிஸ்டிலிருந்து பதில் வந்தால், காரணம் ஒரு வரியில் அதிலேயே எழுதியிருக்கும். ஆவணம் குறைகிறது என்றால் கெடு தேதிக்குள் சேர்த்து அனுப்பிவிடலாம். மொழிச் சான்று போதாது என்றால் அடுத்த பருவத்துக்கு முயலலாம். முதல் செமஸ்டருக்குத் தகுதி இல்லை, ஷ்டூடியன்கொலெக் வேண்டும் என்று இருந்தால், அதே மார்க்கை வைத்து இன்னும் பத்துப் பல்கலைக்கழகங்களுக்கு 30 யூரோ வீதம் கட்டிப் பயனில்லை. எல்லாரும் பார்ப்பது அதே அனாபின் பக்கத்தைத்தான். மேலே சொன்ன மூன்று வழிகளில் எது உங்களுக்கு என்று முடிவு செய்துவிட்டு, அதற்குரிய விண்ணப்பத்தைப் போடுங்கள்.